சி-14 இருக்கையின் பெயர் மாற்றம்

விதி 9, உட்பிரிவு ஆ: டிக்கெட் வாங்கிய ரசிகர் நிகழ்ச்சிக்கு வர இயலாதபோது, அதைச் சங்க அலுவலகத்தின் வழியாக மட்டும், அச்சிட்ட விலைக்கு மேற்படாமல், தாம் விரும்பும் இன்னொரு ரசிகருக்கு மாற்றித் தரலாம். டிக்கெட்தாரர் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் நண்பகலுக்குள் நேரில் வந்து, டிக்கெட்டை ஒப்படைத்துக் கையெழுத்திட வேண்டும்.

'வர இயலாதபோது' என்றுதான் இருக்கிறது. ஏன் இயலவில்லை என்று விதி கேட்கவில்லை. என் மனைவிக்கு வர இயலவில்லை. 1996 பொங்கலுக்கு முன்பே அவள் இறந்துவிட்டாள்.

நான் பத்திரப் பதிவுத் துறையில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒருவர் கையில் இருப்பது இன்னொருவர் கைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் முப்பது வருடங்களாக என் வேலை. நிலத்தை விற்பவர்கள் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுவார்கள். அதே ஆட்கள் கச்சேரி டிக்கெட்டை விற்கும்போது விலையை ஏற்றுவார்கள். இரண்டுக்கும் நடுவில் உண்மையான விலை என்று ஒன்று இருக்கக்கூடும். நான் பார்த்ததில்லை.

கோவையில் அப்போது பழைய சினிமாப் பாட்டு ரசிகர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை யாராவது ஒரு பெரிய பாடகரை அழைத்துக் கச்சேரி நடத்துவார்கள். முந்தைய வருடம் வாசலில் எழுபத்தைந்து ரூபாய் டிக்கெட் நானூறுக்குப் போயிற்று. உள்ளே முன்வரிசையில், பாட்டு ஆரம்பித்ததும் வெளியே காப்பி தேடிப் போகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகுதான் விதி 9 வந்தது. டிக்கெட்டில் வாங்கியவர் பெயரை எழுதினார்கள். வாசலில் இருக்கை எண் வாரியாகப் பட்டியல் வைத்துச் சரிபார்த்தார்கள். யாராவது டிக்கெட்டை மாற்றிக் கொடுக்க நினைத்தால் அலுவலகத்துக்கு வர வேண்டும். பழைய டிக்கெட்டைத் துளையிட்டு வாங்கி வைத்துக்கொள்வார்கள். பட்டியலில் அந்த டிக்கெட் எண்ணை அடித்துவிட்டு, அதே இருக்கைக்கு மஞ்சள் தாளில் புது எண்ணோடு புது டிக்கெட்டை, வாங்குபவர் பெயரில் எழுதித் தருவார்கள். பணத்தை வாங்குபவர் அலுவலகத்தில் கட்டுவார், விற்பவர் அலுவலகத்தில் பெற்றுக்கொள்வார். கைக்குக் கை எதுவும் மாறாது. அடிக்கப்பட்ட எண்ணோடு யாராவது வாசலுக்கு வந்தால், டிக்கெட் அசலாகவே இருந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். நல்ல விதி. என் துறையில் இப்படி ஒன்று இருந்திருந்தால் ஒரே மனையை மூன்று பேருக்கு விற்றவர்கள் வேறு தொழிலுக்குப் போயிருப்பார்கள்.

எங்களிடம் இரண்டு டிக்கெட்டுகள் இருந்தன. சி-13 என் பெயரில், சி-14 அவள் பெயரில். பாட்டு அவளுக்குத்தான். நான் துணைக்குப் போய் இரண்டாம் பாட்டில் தூங்கிவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் மாலை, மூக்கில் குழாயோடு அவள் சொன்னாள்: "அந்த டிக்கெட்ட கேசட் கடை பாய்க்குக் குடுத்துப்போடுங்க. அவருக்குக் கெடைக்கலையாமா. சொல்லிப்போட்டேன் நானு."

"நீயே போவாய்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டாக்டரின் குறிப்பை அப்போதுதான் படித்திருந்தேன்.

கேசட் கடை பாய் கோட்டைமேட்டுக்காரர். பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்தால் வெற்று கேசட்டில் பதிந்து தருவார். என் மனைவி மாதம் ஒரு பட்டியலோடு சிங்காநல்லூரிலிருந்து பஸ் ஏறிப் போவாள். பட்டியலில் ஒரு பாட்டு சரியில்லை என்று அவருக்குப் பட்டால், அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் பதிந்து வைப்பார். இவள் திரும்பிப் போய்ச் சண்டை போடுவாள். நான்கு வருடமாக நடந்த சண்டை அது. அந்த வருடக் கச்சேரிக்கு டிக்கெட் விற்ற காலையில் பாய் தன் தங்கையின் பிரசவத்துக்காக ஈரோட்டில் இருந்தார். திரும்பி வருவதற்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு நான் அவருக்குப் போன் செய்தேன். ஜனவரிக் கடைசியில் கச்சேரி, அதற்கு மூன்று நாள் இருந்தது. இருவரும் சங்க அலுவலகத்தில் சந்தித்தோம். அலுவலகம் என்பது சங்கச் செயலாளரின் பம்புசெட் பட்டறைக்கு மேலே ஓர் அறை. கீழே லேத் ஓடும்போது மேலே மேசை நடுங்கும்.

படிக்கட்டில் கஞ்சி போட்ட சட்டைக்காரர் ஒருவர் என் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்து, "ஏனுங்க, குடுக்கறதுக்குங்களா? முந்நூறு தாரேன், மேல போகவே வேண்டாம்" என்றார்.

"பேர் எழுதியிருக்குங்க."

"பேர் கெடக்குதுங்க. நான் பொம்பளையாட்டவா இருக்கறேன்? எங்க ஊட்டுக்காரிதான் வாரா."

பாய் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் முந்நூறு இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் மேலே ஏறினேன்.

செயலாளர் சிரித்த முகத்தோடு எழுந்து நின்றார். "வாங்க சார், வாங்க. அம்மிணிக்கு வர முடியலீங்களா? அவங்க ஒரு கையெழுத்துப் போடணுமே. கீழ ஆட்டோல இருக்கறாங்களா? நானே கீழ வாரனுங்க, பாவம் படியேற வேண்டாம்."

"இறந்துபோய்விட்டாள்" என்றேன்.

அவர் உட்கார்ந்தார். அப்புறம் மறுபடியும் எழுந்தார். கீழே லேத் நின்றது. யாரோ அவருக்குத் தெரிந்தவர்கள் இறந்ததுபோல நிறையப் பேசினார். நான் இறப்புச் சான்றின் நகலை மேசைமேல் வைத்தேன். அந்த மாதம் அதை எல்லா மேசையிலும் வைத்துக்கொண்டிருந்தேன். ரேஷன் கார்டில் பெயர் நீக்க ஒன்று, கேஸ் இணைப்பை மாற்ற ஒன்று, பாங்கில் ஒன்று. இது இன்னொன்று. கை தானாகவே உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

"விதியில டிக்கெட்காரங்க நேர்ல வரணும்னு இருக்குதுங்களே" என்றார் செயலாளர். "போன வருசம் ஒருத்தனே இருபது டிக்கெட் வாங்கி, எல்லாம் சொந்தக்காரங்களுக்குன்னு சொல்லிட்டு வாசல்ல வித்தான். அதுக்குத்தான் போட்டோம்."

"சரியான விதிதான்."

"நீங்க ஒண்ணு பண்ணுங்க சார். அவங்க பேர நீங்களே கையெழுத்தாப் போட்டுருங்க. யாரு பாக்கப் போறாங்க? நான் மொகத்தத் திருப்பிக்கறனுங்க."

சொன்னபடியே ஜன்னல் பக்கம் திரும்பியும் கொண்டார். நல்ல மனிதர்.

பேனா மேசைமேல் இருந்தது. பாய் என்னைப் பார்த்தார். அவளுடைய கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். கடைசி எழுத்தின் வாலை நீளமாக இழுப்பாள். ஆனால் இறந்தவர்கள் கையெழுத்துப் போட்ட பத்திரங்களை எத்தனையோ முறை திருப்பி அனுப்பியவன் நான். என்னால் அந்தப் பேனாவை எடுக்க முடியவில்லை. அது ஒழுக்கம் என்று சொல்ல மாட்டேன். முழங்கால் மடங்குவதுபோல ஒரு பழக்கம்.

"மனு எழுதிக் கொடுக்கிறேன்" என்றேன். "நிபந்தனையைத் தளர்த்தச் செயற்குழுவுக்கு அதிகாரம் உண்டு. விதி 14."

"செயற்குழு கூடணுமேங்க."

"கூடட்டும்."

எழுதினேன். பெறுநர், பொருள், பார்வை எல்லாம் போட்டு, இணைப்பில் இறப்புச் சான்றின் நகலையும் சேர்த்து. செயலாளர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா இருந்திருந்தா இத்தன எழுத்துக்கு மூணு கேசட் பதிஞ்சிருக்கலாம்னு சொல்லுவாங்க" என்றார். சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம் அது.

செயற்குழு கூடவில்லை. தலைவர் சென்னிமலைக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார், பொருளாளருக்குக் காய்ச்சல். கச்சேரிக்கு முந்தைய நாள், நண்பகலுக்குச் சற்று முன்னால், மறுபடி அதே அறைக்குப் போனோம். செயலாளர் கையை விரித்தார்.

"கெடைக்காதுங்களா, சார்?" என்று பாய் என்னிடம் கேட்டார். செயலாளரிடம் கேட்கவில்லை.

விதியை இன்னொரு முறை படித்தேன். தாம் விரும்பும் இன்னொரு ரசிகருக்கு. டிக்கெட்தாரர். நேரில். சட்டைப்பையிலிருந்து சி-13-ஐ எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"டிக்கெட்தாரர் நேரில் வந்திருக்கிறார்" என்றேன். "வர இயலவில்லை."

செயலாளர் டிக்கெட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், இது உங்களுதுங்களே."

"என் பெயர்தானே போட்டிருக்கிறது?"

"நீங்க வரலீங்களா? அக்காவோட சீட்டுப் பக்கத்துல..." என்று ஆரம்பித்தார் பாய்.

"எனக்குப் பாட்டு தெரியாது பாய். உங்களுக்குத் தெரியும் அது. பணத்தைக் கட்டுங்கள். மணியாகிறது."

பாய் நோட்டுகளை எண்ணி மேசைமேல் வைத்தார். கீழே லேத் ஓடியதில் நோட்டுகள் மேசையோடு நடுங்கின. செயலாளர் என் டிக்கெட்டைத் துளையிட்டார். பட்டியலில் சி-13-க்கு எதிரே இருந்த என் பெயரை அளவுகோல் வைத்து அடித்தார். மஞ்சள் தாளில் புது எண்ணும் பாயின் பெயரும் எழுதினார். எழுபத்தைந்து ரூபாயை எண்ணி என்னிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். முறைப்படி நடந்த ஒரு காரியம். அந்த மாதத்தில் அப்படி முடிந்தது அது ஒன்றுதான். சி-14-க்கு எதிரே என் மனைவியின் பெயர் அடிக்கப்படாமல் இருந்தது.

கச்சேரி அன்று மாலை வீட்டில் இருந்தேன். ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் ஏதோ ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்ததால் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதை நிரப்பினேன். இட்லியைச் சூடு பண்ணிச் சாப்பிட்டேன். எப்படி இருந்தது என்று ஞாபகம் இல்லை.

மறுநாள் காலை பாய் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நெறைய பேர் நின்னுட்டுத்தான் கேட்டாங்க சார். பக்கத்துச் சீட்டு காலியா இருக்குதேன்னு ஒரு வாலண்டியர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தான். நான் கைக்குட்டையைப் போட்டு வெச்சிருந்தேன். ஆளு வருதுன்னு சொன்னேன். லிஸ்டைப் பாருங்கன்னேன். போய்ப் பாத்தான். பேர் இருக்குதுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

"நல்லது" என்றேன்.

"மூணாவது பாட்டு, அக்கா எப்பவும் பட்டியல்ல எழுதறது. நான் எப்பவும் எடுத்துப்போடறது." நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "நேர்ல கேட்டா நல்லாத்தான் இருக்குது சார்."

டீ வைத்துக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவர் அப்படியே குடித்துவிட்டுப் போனார்.

மனுவைப் பற்றி நான் எந்த நினைவூட்டுக் கடிதமும் எழுதவில்லை. சர்வீஸில் பதினைந்து நாளுக்கு ஒன்று எழுதிக்கொண்டிருந்தவன். அதற்குள் கேஸ் இணைப்பு என் பெயருக்கு மாறியது. ரேஷன் கார்டில் ஒரு பெயர் குறைந்தது.

பிறகு சங்கத்திலிருந்து ஓர் உறை வந்தது. தாங்கள் அளித்த மனு செயற்குழுவில் பரிசீலிக்கப்பட்டு, சிறப்பு நேர்வாகக் கருதி, சி-14 இருக்கையைத் தாங்கள் குறிப்பிட்ட ரசிகரின் பெயருக்கு மாற்றித் தர ஒருமனதாக அனுமதிக்கப்படுகிறது. நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் நண்பகலுக்குள் அசல் டிக்கெட்டை ஒப்படைக்கவும் என்று தட்டச்சு செய்திருந்தது. பிழை ஏதும் இல்லை. உறையின் மேல், வந்த தேதியை என் வழக்கப்படி குறித்து வைத்தேன்: 20.8.1996, செவ்வாய்க்கிழமை.