அகரவரிசையில் ஏழு பேர்

ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்து "நான் யார் தெரியுமா?" என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன். ஆள் இல்லாத நேரமாக இருந்தால் பரவாயில்லை. பக்கத்தில் டிசைன் பிரிவு அக்கா நின்றுகொண்டிருந்தார்.

திருமுடிவாக்கத்தில் இரும்பு அச்சுகள் வெட்டிச் செய்யும் சிறிய தொழிற்கூடம் எங்களுடையது. அங்கே சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன் நான். பார்த்துக்கொண்டே இருப்பவன் என்றால் இன்னும் சரி. வரைபடங்கள் எல்லாம் பழைய லினக்ஸ் சர்வரில். புதிதாக ஒன்று வாங்கி, எல்லோரும் இனி அதில் வேலை செய்யட்டும், பழையதன் கோப்புறை என்எஃப்எஸ் என்ற பகிர்வு முறை வழியாக இதில் தெரியட்டும் என்று ஏற்பாடு. புதியதில் ஏழு பேருக்கும் கணக்கு தொடங்கினேன். பழையதில் வேலைக்குச் சேர்ந்த வரிசையில் இருந்தார்கள். எனக்கு அது ஒழுங்கீனமாகப் பட்டது. அகராதிகளைக் கதைப்புத்தகம் போலப் படிக்கிறவன் நான். அகரவரிசையில் போட்டேன்.

மறுநாள் காலை அக்கா வந்தார்.

"சார், என் ட்ராயிங்கை என்னாலயே சேவ் பண்ண முடியல. அனுமதி இல்லைன்னு வருது. மூணு மணிக்கு கஸ்டமரோட இன்ஜினியர் வராரு. திருத்துன ட்ராயிங் மெஷினுக்குப் போகலைன்னா பழசை வெச்சு வெட்டிடுவாங்க. இரும்பு போச்சு, என் பேரும் போச்சு."

கோப்புகளின் பட்டியலைப் பார்த்தேன். அக்காவின் வரைபடங்கள் அத்தனைக்கும் உரிமையாளர் என்று ஸ்டோர்ஸ் பொறுப்பாளரின் பெயர் இருந்தது. அவரைக் கூப்பிட்டால் பதறிப்போனார்.

"இன்னா சார், நான் ஆணி எண்ணிக்கினு கீறவன். ட்ராயிங்க நான் ஏன் சார் தொடப்போறேன்?"

சரி, எல்லா அதிகாரமும் படைத்த ரூட்டாக நுழைந்து உரிமையை மாற்றினேன். மறுப்பு. ஒரு வெற்றுக் கோப்பு உருவாக்கப் பார்த்தேன். அதற்கும் மறுப்பு. அப்போதுதான் மேற்படி கேள்வியைக் கேட்டேன். பதில் வராததால் பழைய சர்வருக்குப் போய் ரூட் ஸ்குவாஷ் என்ற தடையை எடுத்துவிட்டேன். உடனே புதிய சர்வரின் ரூட் ராஜாவானது. திருத்திய வரைபடத்தை நானே சேமித்தேன். அக்கா திறந்து பார்த்துவிட்டு, "ஒரு துளையோட அளவு தப்பு சார்," என்றார். மாற்றினால் சேமிக்க முடியவில்லை. கோப்பு இப்போது ரூட்டுக்குச் சொந்தம்.

வேறு வழியில்லாமல் நான் போன் செய்ததில், பதினொன்றரைக்கு நாவலூரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். என் வயதுதான், எங்களைப் போன்ற நாலைந்து இடங்களின் சர்வர்களைக் கவனிக்கிறார். வண்டலூர் நெரிசலைத் திட்டி முடித்ததும் இரண்டு திரைகளிலும் ஒரே ஒரு கட்டளை அடித்தார். கணக்கு தொடங்கும் வரிசையில் சர்வர் ஆளுக்கு ஓர் எண் கொடுத்துவிடும்; அக்காவின் எண் பழையதில் 1001, புதியதில் 1006. புதியதில் 1001 ஸ்டோர்ஸ்காரர்.

"சார், என்எஃப்எஸ்சுக்குப் பேரு தெரியாது. நம்பர்தான் போகும். 1001-ன்னு எழுதி வெச்சிருக்கிற கோப்பை, இந்தப் பக்கம் 1001 யாரோ அவர் பேர்ல காட்டுது. இவர் நெனச்சா இப்பவே மொத்த ட்ராயிங்கையும் அழிச்சிடலாம்."

ஸ்டோர்ஸ்காரர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"அப்போ ரூட்டை ஏன் மதிக்கல?" என்றேன், மனம் ஆறாமல்.

"ஏன் மதிக்கணும்? நீங்க உங்க வீட்டுக்கு ராஜா. பக்கத்து வீட்டுல ராஜா இல்லையே. ரூட்டோட நம்பர் பூஜ்யம். வெளியிலிருந்து பூஜ்யம்னு வந்தா, பழைய சர்வர் அதை யாருமில்லாத ஆளா மாத்திடும். அதைப் போய் எடுத்துட்டீங்க. யாரு சொன்னாங்க?"

"யாருமில்லை," என்றேன். உண்மை.

அவர் முதலில் அந்தத் தடையைத் திரும்ப வைத்தார். நான் சேமித்த கோப்பின் உரிமையைப் பழைய சர்வரிலேயே சரிசெய்தார். பிறகு ஏழு பேரையும் புதியதிலிருந்து வெளியேறச் சொன்னார். ஒருவர் எண்ணில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கும்போது நேரே மாற்ற முடியாது என்பதால், எல்லோரையும் யாரும் இல்லாத எண்களுக்கு ஒருமுறை குடிபெயர்த்து, அங்கிருந்து ஒவ்வொருவராகப் பழைய சர்வரில் உள்ள எண்ணுக்கே கொண்டுவந்தார். குழு எண்களும் அப்படியே. வீட்டுக் கோப்புறைக்கு வெளியே பழைய எண்ணில் சிதறிக் கிடந்த கோப்புகளையும் தேடிப்பிடித்து மாற்றினார். ஒரு கட்டளையைக்கூட இரண்டாம் முறை அடிக்கவில்லை. இடையில் எனக்கு இருக்கை போட்டு டீயும் கொடுத்தார். என் டீ, என் இருக்கை. அவ்வளவு சத்தமில்லாத திறமையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒன்றேகாலுக்கு அக்கா துளையைத் திருத்திச் சேமித்தார். இந்த முறை மறுப்பு வரவில்லை. மூன்று மணிக்குக் கஸ்டமரின் இன்ஜினியர் வந்தபோது மெஷின் சரியான வரைபடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மாலை டீக்கடையில் அக்காவுக்கும் ஸ்டோர்ஸ்காரருக்கும் என் தவறை நானே விளக்கினேன். பெயர் வேறு, எண் வேறு என்பதைப் பற்றிச் சற்று மேதாவித்தனமாகவே பேசினேன். அகரவரிசையை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் சொன்னேன். ஸ்டோர்ஸ்காரர் பஜ்ஜியை முடித்துவிட்டு, அக்கா பக்கம் திரும்பினார்.

"சாரை அகராதி புடிச்சவருன்னு ஷாப்ல எல்லாரும் சொல்லுவாங்க. நான் திட்றாங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்."