கை கழுவும் தண்ணீருக்கு ஒரு வழி

சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே என் வேலை, தகரக் கொட்டகை ஆபீசில் உட்கார்ந்து, கட்டடத்தைக் கம்ப்யூட்டருக்குள் முன்கூட்டியே கட்டிப் பார்ப்பது. பீம், ஏசி காற்று போகிற தகர டக்ட், தண்ணீர் பைப் எல்லாவற்றையும் ஒரே மாடலில் சேர்த்து ஓட்டினால், எது எதன்மேல் மோதுகிறதோ அது சிவப்பாகத் தெரியும். அதற்குக் கிளாஷ் என்று பெயர். மோதல்களை வகைபிரித்து, செவ்வாய்க்கிழமை காலையில் எல்லோரையும் கூட்டித் தீர்வு காண வேண்டும்.

முதல் தடவை ஓட்டியபோது திரையெல்லாம் சிவப்பு. பயந்துபோனேன். பிறகு பார்த்தால், ஒரே பைப் ஒரே டக்டை நாற்பது இடத்தில் உரசுவதைக்கூட நாற்பதாக எண்ணியிருந்தது. அவற்றை ஒன்றாகக் கட்டி வைத்ததும் பட்டியல் பாதிக்கும் கீழே வந்தது.

கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர்கள் இருவர். பைப் வேலை சூப்பர்வைசர் வடக்குப்பட்டுக்காரர். டக்ட் வேலை சூப்பர்வைசர் திருநெல்வேலிப் பக்கம். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. முந்தைய மாதம் டக்ட் போகிற வழியில் பைப் ஆட்கள் முன்னாலேயே பைப்பைத் தொங்கவிட்டுவிட, அதைக் கழற்றச் சொல்லிப் பெரிய சண்டை. அதிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. என் வழியாகத்தான் பேச்சு.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு கிளாஷ் எங்களை நிறுத்தியது. மேல் மாடியில் கேண்டீன். கை கழுவும் தொட்டிகள் முப்பது மீட்டருக்கு வரிசையாக வரவேண்டும். அந்தத் தண்ணீரைக் கொண்டுபோகும் பைப், தளத்துக்கு அடியில், பீம்களில் விடப்படும் ஓட்டைகள் வழியாகக் கிழக்கே போக வேண்டும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு. அதனால் கடைசி பீமை அடையும்போது பைப் நன்றாக இறங்கி, பீமின் அடிக்கம்பிகளில் இடித்தது. பீமுக்குக் கீழே கொண்டுபோனால் அங்கே டக்ட் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த வாரக் கடைசியில் அந்த பீம்களுக்குக் கான்கிரீட் போடுவதாக இருந்தது. போட்டுவிட்டால் பீமில் ஓட்டை விட முடியாது.

"இன்னா மேடம், இந்த வாட்டியும் என் பைப்தான் செவப்பா?" என்றார் வடக்குப்பட்டுக்காரர். "தண்ணி தானா மேல ஏறாது. அவர டக்ட எறக்கச் சொல்லுங்க."

"எறக்குனா ஃபால்ஸ் சீலிங்ல இடிக்கும்லா," என்றார் அண்ணாச்சி, என்னைப் பார்த்து. "மேல பீம், கீழ சீலிங். நான் எங்கம்மா போவேன்?"

இருவரும் சொன்னது சரி. சரிவு வேண்டிய பைப்புக்குத்தான் முதல் மரியாதை என்பது எங்கள் வழக்கம். அந்தக் கணக்கில் அண்ணாச்சிதான் விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் டக்டைத் தட்டையாக, அகலமாக மாற்றுவதாக முனகினார். அதற்கும் பக்கத்தில் இடமில்லை என்று மாடல் காட்டியது. சென்னையிலிருந்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைப் போனில் கேட்டேன். ஓட்டை பீமின் நடு உயரத்தில், தூணை விட்டுத் தள்ளி இருந்தால் கையெழுத்துப் போடுவேன், அடிக்கம்பியைத் தொடக்கூடாது என்றார்.

வடக்குப்பட்டுக்காரர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து, விரலால் அந்தத் தொட்டி வரிசையைத் தடவினார்.

"மேடம், மேற்குப் பக்கம் பாத்ரூம் ஷாப்ட் கீதுல்ல? அதுல எறங்குற பைப்பு இருக்கு. பாதித் தண்ணிய இப்டி வுட்டா இன்னா?"

வரிசையின் நடுவை மேடாக வைத்துப் பாதி கிழக்கே, பாதி மேற்கே. ஓட்டம் பாதியானால் இறக்கமும் பாதி. மாடலில் வரைந்தேன். இரு பக்கமும் பைப் பீம்களின் நடுவயிற்றில் நுழைந்தது. நடு பீமில் ஓட்டையே தேவைப்படவில்லை. ஆனால் அவர் ஆட்களுக்குக் கூடுதல் வேலை. வழக்கப்படி அவர் அசைய வேண்டியதே இல்லை.

திரும்ப ஓட்டினேன். பழைய சிவப்பு போய், மேற்கே புதிதாக ஒன்று வந்தது. பைப், கரண்ட் ஒயர்களைத் தாங்கும் கேபிள் டிரேயில் இடித்தது.

"அத விடுங்க," என்றார் அண்ணாச்சி. "எலெக்ட்ரீசியன் நம்ம ஊரு. டிரேய வளைக்கச் சொல்லுதேன்." பிறகு முதல்முறையாக நேராக அவரைப் பார்த்தார். "நீரு அசையாம இருந்திருக்கலாம்."

"உன் டக்டு பெருசு, அண்ணாச்சி. அத்த நவுத்தறத பாக்க எனக்கே பாவமா இருந்துச்சு."

கான்கிரீட்டுக்கு முன் இரண்டு பேரும் சேர்ந்தே டேப் பிடித்து, ஓட்டைக்கான குழாய்த்துண்டுகளைக் கம்பிகளுக்கு நடுவே கட்ட வைத்தார்கள். அந்தச் செவ்வாய்க்குப் பிறகு பல கிளாஷ்கள் என்னிடம் வருவதற்கு முன்பே தீர்ந்துவிட்டன. டீக்கடை சிகரெட் அட்டையில் பேனாவால் வரைந்து, "இத மாடல்ல ஏத்தும்மா" என்று நீட்டுவார்கள். சில நாள் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

தொட்டிகள் வைத்த பிறகு தண்ணீர் விட்டுப் பார்த்தோம். கிழக்கே கீழ்த்தளத்தில் வடக்குப்பட்டுக்காரர், மேற்கே அண்ணாச்சி, மேலே குழாய்களைத் திறந்துவிட நான். அது அண்ணாச்சியின் வேலையே இல்லை.

"வருதா அண்ணாச்சி?" என்று கிழக்கிலிருந்து குரல்.

"இந்தா, வந்துட்டுல்லா."

ஒன்றன்பின் ஒன்றாக எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, நடுத்தொட்டியில் கையை நனைத்துக்கொண்டு நின்றேன்.