அருளம்பலத்தின் முறைப்பாடுகள்

அருளம்பலத்தால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. திருகோணமலையில் அரசாங்க அலுவலகமான கச்சேரியின் வாசலில் தட்டச்சு இயந்திரத்தோடு இருக்கும் மனு எழுத்தர் லாபிரின் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கையில் கசங்கிய விண்ணப்பம். கடற்படைக் களஞ்சியத்தில் மேற்பார்வையாளர் வேலைக்கு அவர் கொடுத்ததை அங்குள்ள தலைமைக் கிளாக்கர் கனகசபை அன்று காலைதான் திருப்பிக் கொடுத்திருந்தார்.

"மத்தியானத்துக்குள்ள ஒழுங்கா எழுதிக்கொண்டு வாரும். இல்லாட்டிக் கூலி வரிசையில போய் நில்லும்."

கூலி வரிசை! நரை விழுந்த தலையோடு மறுபடியும் மூட்டையா? போன வருசம், சித்திரைப் புதுவருசத்துக்குக் கொஞ்சம் முன்னர், ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டான். கப்பலிலிருந்து கரைக்குச் சாமான் ஏற்றிவந்த வத்தைப் படகுகள் எரிந்தன. வத்தைகளை ஓட்டிய கம்பனியும் அதோடு மூடப்பட்டது. இளவயதிலிருந்து அருளம்பலம் வேலை செய்த ஒரே இடம் அதுதான்.

லாபிர், முன்பு தான் இங்கிலீசில் அடித்த அந்த விண்ணப்பத்தைத் தமிழில் வாசித்தார். "மூட்டை சுமந்தார், திருப்தியாக வேலை செய்தபடியால் உயர்த்தப்பட்டார். வத்தையில் சாமான் அடுக்கினார், திருப்தியாக வேலை செய்தபடியால் உயர்த்தப்பட்டார். தண்டலாக வத்தை ஓட்டினார், திருப்தியாக..."

"கம்பனி பதவி உயர்த்தித் தந்த துண்டுகளில அப்பிடித்தானே லாபிர் நானா இருந்தது," என்றார் அருளம்பலம்.

"ஓம், நானும் அதைப் பாத்துத்தான் அடிச்சனான். இப்ப வாசிக்க, நீங்க ஒரு வேலையைத்தான் திருப்பித் திருப்பிச் செய்த மாதிரிக் கிடக்கு. பொறுங்க."

புதுத் தாளைச் செருகினார். 'திருப்தியாக' என்ற இடத்தில் 'நன்றாக', அடுத்ததில் 'சிறப்பாக', அதற்கடுத்ததில் 'மிகச் சிறப்பாக' என்று அடித்தார். வாசித்துப் பார்த்தவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"தொப்பியை மாத்தினன். தலை அதேதான் அண்ணை." தாளை உருவி எறிந்தார்.

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. மதகில் குடையோடு இருந்த அவர் மனைவி யோகம்மா எழுந்து வந்தாள். இவ்வளவு நேரமும் கணவரின் நடையைப் பார்த்தே அவளுக்குத் தலை சுற்றியது.

"ஒரே வேலையெண்டா, எனக்கேன் நானா வேற வேற புலம்பல் கேக்க வந்தது?"

"என்ன புலம்பல்?"

"கலியாணம் கட்டின புதுசில தோள் நோகுது எண்டார். எண்ணெய் போட்டு உருவினனான். பிறகு தோளை மறந்திட்டார். அரிசிக்கு மேல ஆர் சீமெந்தை வைச்சது, ஒரு பக்கம் பாரம் கூடி வத்தை சரியுது எண்டு கத்தல்."

"அடுக்குகாரனா இருக்கேக்க," என்றார் அருளம்பலம்.

"தண்டலானதும் காத்து. வாடைக்காத்து கொஞ்சம் எழும்பினாலும் வாசலுக்கும் குசினி அடுப்புக்கும் நடை. கங்காணியாக்கினாங்கள். அதுக்குப்பிறகு இவருக்குக் காத்துமில்லை, தோளுமில்லை. எந்த வத்தையை எந்தக் கப்பலுக்கு முதல் விடுறது, ஆர் ஆரோட கோபம் எண்ட கதைதான்."

லாபிர் அவளையே பார்த்தார். பிறகு தாளைச் செருகினார், விரல்கள் பறந்தன. கம்பனியின் பெயர் மேலே ஒரே தடவை. பக்கத்தில் ஒவ்வொரு பதவிக்கும் உரிய வருசங்கள். எதிரே, அந்தப் பதவியில் புதிதாகத் தலையில் விழுந்த பொறுப்பு மட்டும். சுமந்தார். பாரம் சரியாமல் அடுக்கினார். காற்றுப் பார்த்து வத்தையை விடுவதா மறிப்பதா என்று முடிவெடுத்தார். பல வத்தைகளையும் ஆட்களையும் பிரித்து அனுப்பினார். 'உயர்த்தப்பட்டார்' என்ற சொல்லே தேவைப்படவில்லை. வருசங்களும் பதவிகளுமே அதைச் சொல்லின.

"கடைசியா சுப்பவைசர் எண்டு போடட்டோ?"

அருளம்பலத்தின் கால் நின்றது. "கம்பனி அந்தத் துண்டு தரேல்லை. குண்டு விழுந்த அண்டைக்குச் சுப்பவைசர் பயந்து ஓடினபடியால் அவற்ற வேலையை நான் பாத்தனான். அவ்வளவுதான்."

"அப்ப 'பதில் மேற்பார்வையாளர்' எண்டு போடுவம். அண்டைக்கு என்ன செய்தனீங்க?"

அருளம்பலம் மறுபடியும் நடக்கத் தொடங்கினார். யோகம்மாவின் குரல் இறங்கியது. "அண்டைக்கு மட்டும் முறைப்பாடே இல்லை நானா. சோத்துக்கு முன்னால சும்மா இருந்தார். எரியிற வத்தையில நிண்ட ஆக்களைக் கரைக்கு எடுத்தவர் எண்டு அவங்கட பெண்சாதிமார் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

லாபிர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அதையும் அடித்தார், ஒரே வரியில்.

களஞ்சிய வாசலை ஒட்டிய அறையில் கனகசபை மேசையில் இருந்தபடியே புது விண்ணப்பத்தை வாசித்தார். பாதியில் அவர் விரல் நின்றது.

"வாடைக்காத்தில வத்தையை எப்ப மறிப்பீர்?"

"கொட்டியாரக் குடாக்கடல் பக்கம் பாக்கோணும் ஐயா. அலையில வெள்ளை தெரிஞ்சா வெளியால நிக்கிற கப்பலுக்கு விட ஏலாது. உள்துறைமுகத்துக்க எண்டா பாரத்தைக் குறைச்சு விடலாம்..."

"கதிரையில இருந்து சொல்லும்."

அருளம்பலத்தால் நாற்காலியில் இருக்க முடியவில்லை. கை காற்றைக் காட்ட, கால் மேசைக்கும் கதவுக்கும் நடந்தது. வெளியே கூலி வரிசை உள்ளே போகத் தொடங்கியிருந்தது.

கனகசபை விண்ணப்பத்தை மடித்துக்கொண்டு எழுந்தார். "வாரும், களஞ்சியத்து வெள்ளைக்காரத் துரையிட்டப் போவம். இதை அங்கயும் சொல்லும். நடக்காமச் சொல்லப் பாரும்."