காய்ச்சின பாலும் கட்டார் மருமகனும்

எங்கள் பக்கத்தில் மகளைக் கட்டிக் கொடுத்தால் மகள் போகமாட்டாள். மருமகன் வந்து சேருவார். வீடும் நாம்தான் கொடுக்க வேண்டும். நானும் கடற்கரைப் பக்கமாக ஒரு கல்வீடு கட்டிக் கொடுத்தேன். மூன்று மாதம் குடியிருந்தார்கள். பிறகு கடல் வந்து வீட்டைத் தன் பங்கென்று எடுத்துக்கொண்டது. அன்று காலையில் இருவரும் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபடியால் ஆளாவது மிஞ்சினார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

சுனாமிக்குப் பிறகு உதவி செய்ய ஆட்கள் வந்தார்கள். என்ன தொழில் என்று கேட்டார்கள். பாண் போடுகிற பேக்கரி என்றேன், பாண் சுடுகிற போறணை வெடித்துவிட்டது, செங்கல் தந்தால் போதும் என்றேன். எழுதிக்கொண்டு போய் ஒரு தோணி அனுப்பினார்கள். நான் வாழ்க்கையில் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியவனில்லை. அந்தத் தோணியில் கொஞ்சக் காலம் விறகு அடுக்கி வைத்திருந்தோம். நல்ல தோணி.

வீடு போன மருமகன் கட்டாருக்குப் போனார். நாலு வருடம் ஒரு பெரிய ஹோட்டல் சமையலறையில் பாண் பகுதியில் வேலை. சண்டை முடிந்த வருடம் திரும்பி வந்தார். பேக்கரிக்குப் பின்னால் போறணைச் சுவரோடு ஒட்டின அறையைத்தான் கொடுக்க முடிந்தது. கட்டார் வெயிலைத் தாங்கினவருக்கு இந்தச் சுவர் என்ன செய்யும் என்று நினைத்தேன். ஆள் மெலிந்துபோனார்.

ஒரு நாள் மகள் வந்து நின்றாள். அப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

“வாப்பா, இவருக்குத் திரும்பவும் விசா வந்திரிக்கி. ஒரு மாசம் பாக்கிறாராம். பேக்கரியில ஒழுங்கான வேல இருந்தா நிக்கிறாராம்.”

“நிக்கட்டுமே. நான் என்ன புடிச்சா தள்ளுறன்?”

“நீங்க தள்ளல்ல வாப்பா. ஆனா அவர் சொல்ற ஒண்டையும் நீங்க கேக்கிறல்ல. புள்ள பொறக்கக்குள்ள அவர் இஞ்ச இரிக்கணும்.”

அவர் சொன்னது இதுதான்: மாவைத் தண்ணீரில் குழைக்காமல் பாலில் குழைக்க வேண்டும். அதுவும் காய்ச்சின பாலில். பாண் பஞ்சு மாதிரி வரும், மேல் தோல் நல்ல சிவப்பாகும், மறுநாளும் காயாது. நாங்கள் போடும் ரோஸ் பாண் காலையில் வாங்கினால் பின்னேரம் தேத்தண்ணியில் முக்கித்தான் தின்ன முடியும். அதில் ஊருக்கு எந்தக் குறையும் இல்லை. பல் உள்ள ஊர்.

சண்டை முடிந்து பாதையெல்லாம் திறந்திருந்த நேரம். தம்பிலுவில்லில் இருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் பால் கொண்டுவருவார், கறந்த சூடு ஆறாமல். முதல் நாள் மருமகன் ஜும்ஆத் தொழுகைக்குக் குளிக்கப் போன நேரத்தில் நானே மாவைக் குழைத்தேன். பாலைக் காய்ச்சவில்லை. போறணைக்குள் போனால் எல்லாம் கொதிக்கத்தானே போகிறது, ஒரே பாலை இரண்டு தரம் எதற்குக் காய்ச்ச வேண்டும்? விறகு என்ன வானத்தில் இருந்தா விழுகிறது?

மாவு குழைக்கும்போதே பிசுபிசுத்தது. உருட்டி வைத்தால் எழும்பாமல், சாப்பிட்டுச் சாய்ந்த ஹாஜியார் மாதிரி பக்கவாட்டில் பரந்தது. சுட்டு எடுத்தபோது பாண் இல்லை, தடித்த ரொட்டி.

மருமகன் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“மாமா, பால் காய்ச்சினீங்களா?”

“அது தம்பிலுவில் பசு மருமகன். சுத்தமான பால்.”

“சுத்தத்துக்கு இல்ல மாமா. பச்சப் பாலில ஒரு சத்து இரிக்கி, அது மாவத் தளத்திரும். முதல்லயே சூடாக்கினாத்தான் அது அடங்கும். போறணைக்குள்ள சூடாகி என்ன புரயோசனம், அதுக்கு முந்தியே மாவு கெட்டிருமே.”

பசுவுக்குத் தெரியாததெல்லாம் கட்டாரில் தெரிந்திருக்கிறது. மருமகனோடு மரியாதையாகத்தான் கதைக்க வேண்டும். அதனால் ஏச வேண்டியதையெல்லாம் விறகுக்கு ஏசினேன்.

மறுநாள் அவரே செய்தார். சட்டியின் ஓரத்தில் சின்னக் குமிழி வந்து, ஆவி எழும்பி, ஆடை படியத் தொடங்கும் நேரம் இறக்கினார். பொங்க விடவில்லை. பிறகு காத்திருந்தார். விரலை விட்டுப் பார்த்தார், திரும்பவும் காத்திருந்தார்.

“சூட்டோட ஊத்தினா ஈஸ்ட் செத்திரும் மாமா.”

“ஆறட்டும் மருமகன். பாலுக்குக் காய்ச்சல் விட்ட பிறகு எனக்குச் சொல்லுங்க.”

ஆனால் மாவு கைக்குள் பிள்ளையின் கன்னம் மாதிரி வந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒத்துக்கொண்டேன், மனதுக்குள்.

போறணை மட்டும் என் கை. நாற்பது வருடமாக அதன் வாய்க்குள் குனிந்து நிறத்தைப் பார்த்துத்தான் பாண் எடுக்கிறேன். மணிக்கூடு பார்த்ததில்லை. தணலை வெளியே இழுத்த கையோடு, நல்ல சூட்டில், பால் பாணை முதலில் தள்ளினேன். பத்து நிமிடம் ஆகியிருக்குமா தெரியாது, குனிந்து பார்க்கிறேன், மாப்பிள்ளை வீட்டுப் பலகாரம் மாதிரி சிவந்திருக்கிறது. அப்படியொரு நிறத்தை நான் போட்டதேயில்லை. எல்லாவற்றையும் எடுத்தேன். ஆறக்கூட விடாமல் பள்ளிவாசலடித் தேத்தண்ணிக் கடைக்கு அனுப்பினேன். பெருமை, வேறென்ன.

அரை மணித்தியாலத்தில் கடைக்காரர் ஒரு பாணை இரண்டாகப் பிளந்து பிடித்தபடி வந்தார். பின்னால் அஸர் தொழுகை முடித்த கூட்டம். நடுவில் வெள்ளையாகப் பச்சை மாவு தொங்கியது.

“இதத் திண்டா வயித்துக்குள்ள கிடந்து இன்னும் பொங்கும்போல!”

“கட்டார் பாண்டா தம்பி. அங்கத்த வெயில்ல வெச்சா வெந்திரும், இஞ்ச வேகாது!”

எல்லோரும் சிரித்தார்கள். மருமகன் வாசலில் நின்றார். கையெல்லாம் மாவு. என்னைப் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் மகளின் முக்காட்டு நுனி தெரிந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். பழி தானாகவே அவர் தலையில் உட்கார்ந்துவிட்டது. என் நாற்பது வருடப் பெயர் தப்பியிருக்கும். அவரும் மரியாதையாக விமானம் ஏறியிருப்பார்.

“மாவுல ஒரு பிழையும் இல்ல,” என்றேன். “போறணையில இருந்து எடுத்தது நான். நிறத்தப் பாத்து ஏமாந்துட்டன்.”

நான் பிழை ஒத்துக்கொண்டதை அந்தக் கூட்டம் அதற்கு முன் பார்த்ததில்லை. கடைக்காரர்தான் கேட்டார், “உங்களுக்குச் சுகமில்லயா காக்கா?”

அவர்கள் போன பிறகு நானும் மருமகனும் மிஞ்சினோம். மிச்ச மாவு பொங்கி நின்றது.

“சொல்லுங்க மருமகன். எப்ப எடுக்கிற?”

“பாலில இரிக்கிற சீனிய ஈஸ்ட் திங்கிறல்ல மாமா. அது மிஞ்சி நிண்டு தோலக் கெதியாச் சிவப்பாக்கும். உள்ளுக்கு வேக நேரம் வேணும். முதல்ல ரோஸ் பாணப் போடுங்க. சூடு இறங்கின பிறகு இதப் போடுவம்.”

அப்படியே செய்தோம். நிறம் வந்ததும் என் கை தானாகவே பாண் எடுக்கும் நீட்டுப் பலகைக்குப் போனது. அவர் கையைப் பிடிக்கவில்லை, மரியாதையான பிள்ளை. பலகையின் மறு முனையைப் பிடித்துக்கொண்டார். நிறம் இன்னும் கொஞ்சம் ஏறியது. கருகப் போகிறது என்று பலகையை என் பக்கம் இழுத்தேன். கடைசியில் ஒன்றை எடுத்துக் கவிழ்த்து அடியில் தட்டினார். வெறும் பெட்டியைத் தட்டின சத்தம்.

“இப்ப,” என்றார்.

பிய்த்தால் நூல் நூலாக வந்தது. மறுநாள் காலையிலும் தேத்தண்ணி இல்லாமல் தின்னலாம். ஊர் முதல் நாள் சிரித்தது, இரண்டாம் நாள் வாங்கியது, மூன்றாம் நாள் தாங்கள் அப்போதே சொன்னதாகச் சொன்னது.

அந்தக் கிழமை ஒரு பகல் மருமகனைக் காணவில்லை. மகளைக் கேட்டேன்.

“கல்முனைச் சந்தைக்குப் போயிரிக்கார் வாப்பா.”

“என்னத்துக்கு? பயணச் சாமான் வாங்கவா?”

“இல்ல. பால் காய்ச்சப் பெரிய சட்டி வாங்க. இரிக்கிறது சின்னதாம், ஒரு நாளைக்கு ரெண்டு தரம் காய்ச்ச வேண்டியிரிக்காம்.”

விறகு இன்னும் செலவாகும் என்று முணுமுணுத்தேன். அவள் சிரித்துக்கொண்டு உள்ளே போனாள்.