பெரிய பரீட்சையிலிருந்து கீழே இறங்கிய கதை

காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஹேக்கிங் பயிற்சி மையம். நடத்தியவர் சித்திரை வெயிலிலும் தலைமூடி வைத்த கறுப்பு ஸ்வெட்டர் போட்டிருப்பார். ஹேக்கர்களுக்கு வியர்க்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அப்போது சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் சப்போர்ட் வேலையில் இருந்தேன். பிரின்டர் வேலை செய்யவில்லை என்று அழைப்பவர்களிடம், அதை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொல்லும் உன்னதப் பணி. அதிலிருந்து பென்டெஸ்டிங் பக்கம் போக ஆசை. ஒரு கம்பெனியின் கணினிகளுக்குள் அவர்கள் அனுமதியோடே நுழைந்து, எப்படி நுழைந்தோம், ஓட்டையை எப்படி அடைப்பது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. இதில் கடைசியில் சொன்ன ‘எழுதிக் கொடுப்பது’ என் காதில் விழவே இல்லை.

இந்த வேலைக்குச் சான்றிதழ் தரும் பரீட்சைகள் பல உண்டு. "எந்தப் பரீட்சையில ஆரம்பிக்கறதுங்க?" என்று ஸ்வெட்டர்காரரிடம் கேட்டேன்.

"சின்னதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க அம்மணி? நேரா பெரிசையே எழுதிப்போடுங்க. கம்பெனிக்காரன் அதைத்தான் கேக்கறான்" என்றார்.

"நீங்க எழுதியிருக்கீங்களா?"

"நானுங்களா? சொல்லிக் குடுக்கறவனுக்கு எங்கீங்க நேரம்?"

இந்தப் பதிலுக்குப் பிறகும் நான் பணம் கட்டினேன் என்பதை என் அறிவுக்கூர்மையின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆபீசில் என் பக்கத்து நாற்காலிக்காரியும் இதே ஆசையில்தான் இருந்தாள். வெள்ளகோவில் பெண், ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அவள் மையத்துக்கெல்லாம் வரவில்லை. முதலில் லினக்ஸ், நெட்வொர்க் அடிப்படை என்று உட்கார்ந்தாள். பிறகு இணையத்தில் பயிற்சிக்கென்றே ஓட்டையோடு செய்து வைத்திருக்கும் கணினிகளை ஒவ்வொன்றாக உடைத்தாள். உடைத்து முடித்ததும், யாரும் கேட்காமலே ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிக்கை எழுதினாள். என்ன ஓட்டை, எந்தக் கட்டளை கொடுத்தேன், என்ன திரும்ப வந்தது, எப்படிச் சரிசெய்வது.

"இதை யாருக்குப் புள்ள எழுதற? அந்தக் கம்ப்யூட்டருக்கு ஓனரே கெடையாதே" என்றேன்.

"கை பழகட்டுமேன்னுதான்" என்றாள்.

அவள் எடுத்த முதல் பரீட்சை இரண்டு நாள் நீள்வது. ஒரு சின்ன நெட்வொர்க்கைக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் நுழைந்து பார்த்தால்தான் கேள்விகளுக்குப் பதில் தெரியும். அறிக்கை கிடையாது, வீடியோவில் காவலும் கிடையாது. அவள் பாஸான அன்று கேன்டீனில் இனிப்பு வாங்கிக் கொடுத்தாள். "எல்கேஜி பாஸா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டாவது ஜாங்கிரியையும் நான்தான் எடுத்தேன்.

என் பெரிய பரீட்சை கருமத்தம்பட்டியில், எங்கள் வீட்டு மாடி அறையில் நடந்தது. இருபத்து நாலு மணி நேரம் உடைக்கலாம். அடுத்த இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். முழு நேரமும் எங்கோ ஒரு கண்காணிப்பாளர் நம் திரையையும் கேமரா வழியாக நம்மையும் பார்த்துக்கொண்டிருப்பார். தொடங்குமுன் அடையாள அட்டையைக் காட்டி, அறையைச் சுற்றிக் காட்டி, கட்டிலுக்கடியில் யாருமில்லை என்று நிரூபித்தேன். கீழே அப்பாவின் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நல்லவேளையாக அவர்களுக்குப் படம்தான் போகும், சத்தம் போகாது.

தனித்தனியாக மூன்று கணினிகள். அவை தவிர, ஓர் ஆபீஸ் நெட்வொர்க் போல ஒன்றோடொன்று பின்னிய ஒரு கூட்டம். ஒன்றில் ஒரு லாகின் பக்கம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வெறி வந்துவிட்டது. மதியம்வரை அந்தக் கதவையே தட்டினேன். வேறு என்னென்ன கதவுகள் இருக்கின்றன என்று பார்க்கும் எளிய காரியத்தை அந்த மேல்மாடியில் யாரும் சொல்லித் தரவில்லை. ஒருவழியாக இன்னொன்றில் சாதாரணப் பயனராக நுழைந்தேன். அங்கிருந்து எல்லா அதிகாரமும் உள்ள அட்மின் ஆவது எப்படி என்று தெரியவில்லை. விருந்தாளியாகவே உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் அப்பா தட்டோடு உள்ளே வந்தார்.

"அம்மணி, ரெண்டு வாய் சாப்ட்டுப்போட்டு ஒடைக்கறத ஒடையேன்."

"அப்பா, உள்ள வரக்கூடாதுங்க! கேமரா பாக்குது!"

அப்பா பதறவில்லை. குனிந்து கேமராவைப் பார்த்து, "ஏனுங்க தம்பி, புள்ள காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடலீங்க. நீங்க சாப்டீங்களா?" என்று விசாரித்தார். ஒலியில்லாததால் அந்த உபசாரம் போய்ச் சேரவில்லை. திரையில் மட்டும் செய்தி வந்தது: அறையில் வேறொருவர் தெரிகிறார், அவரை வெளியே அனுப்பிவிட்டு அறையை மறுபடி காட்டவும். நான் சாம்பார் வாசத்தோடு அறையைக் காட்டினேன்.

தோற்றேன். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை, எனக்கு மட்டும் இருந்தது.

காத்திருப்புக் காலம் முடிந்து மறுபடி எழுதினேன். இந்த முறை நிறையப் பயிற்சி செய்திருந்தேன். தேர்ச்சிக்குப் போதுமான கணினிகள் விழுந்தன. அறிக்கையைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிம்மதியாகத் தூங்கினேன். எழுந்து எழுத உட்கார்ந்தால், எந்தக் கட்டளை கொடுத்து உள்ளே போனேன் என்பதே பாதிக்கு நினைவில்லை. உள்ளே போனதற்குச் சாட்சியாக ஒரு கோப்பைத் திறந்து, கணினியின் முகவரியும் அதே படத்தில் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுக்க வேண்டும். என் படங்களில் இரண்டில் முகவரி இல்லை. பரீட்சை நேரம் முடிந்துவிட்டதால் திரும்ப உள்ளே போகவும் வழியில்லை. இருப்பதை வைத்து ஓர் அறிக்கையை ஒட்டுப்போட்டேன். படித்தவர் அதன்படி நடந்தால் அவர் வீட்டுக் கதவைக்கூடத் திறக்க முடியாது. முடிவு மின்னஞ்சலில் மரியாதையாக வந்தது: தேர்ச்சி இல்லை.

அதே மாதம் வெள்ளகோவில்காரி தன் இரண்டாவது பரீட்சையை முடித்தாள். அது ஐந்து நாள் நீள்வது. பிறகு அறிக்கை எழுத இரண்டு நாள். அதன்பின் ஒரு மதிப்பீட்டாளர் முன் வீடியோவில் உட்கார்ந்து, கம்பெனி முதலாளிக்குச் சொல்வதுபோல எடுத்துச் சொல்ல வேண்டும்.

அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்காது. ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணில் தூசி விழச் செய்தேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் தின்ற ஜாங்கிரியை அவள் குத்திக்காட்டியிருக்கலாம். அவளோ, "உன் ரிப்போர்ட்டக் காட்டு" என்றாள்.

படித்தாள். இரண்டாம் பக்கத்திலேயே நிறுத்தினாள்.

"ஏம்புள்ள, ஒடைக்கறது உனக்கு வருது. ஆனா இதப் படிச்சு எவனாச்சும் சரிபண்ண முடியுமா?"

"முடியாதா?"

"எனக்கே முடியல. மொதல்ல என்னோட எல்கேஜிய எழுது. அப்பறம் அந்த அஞ்சு நாள் பரீட்சை. அதுல ரிப்போர்ட் எழுத ரெண்டு நாள் குடுக்கறாங்க, ஆற அமர எழுதிப் பழகலாம். கடசியா இதுக்கு வா."

எல்கேஜியில் சேர்ந்தேன். மூன்று வருட நெட்வொர்க் அனுபவக்காரி, இரண்டு நாள் பரீட்சையில் வியர்த்துத்தான் பாஸானேன். ஐந்து நாள் பரீட்சையில் ஒவ்வொரு கட்டளையையும் அடித்த கையோடு குறித்து வைத்தேன். வீடியோ உரையில் வாய் குழறியது. "அட்மின் ஆகிப்போட்டேனுங்க" என்று ஒரு வெளிநாட்டுக்காரரிடம் தமிழில் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார், பாஸ் போட்டார். பிறகு பெரிய பரீட்சைக்குத் திரும்பியபோது அது அவ்வளவு பெரிதாக இல்லை. எனக்கு முந்தியே அவள் அதை முடித்து ஒரு பாதுகாப்புக் கம்பெனிக்குப் போயிருந்தாள். கொஞ்ச நாளில் என்னையும் அங்கே இழுத்துக்கொண்டாள்.

முதல் வாரம் என்னை எதையும் உடைக்க விடவில்லை. பல்லடத்தில் கோழித்தீவனக் கம்பெனி ஒன்றுக்கு அவர்கள் எழுதிய அறிக்கையைக் கொடுத்து, பிழை திருத்தச் சொன்னார்கள். எத்தனையோ இரவுக் கனவுகளில் நான் வங்கிகளின் சர்வர்களுக்குள் நடந்திருக்கிறேன். இங்கே கால்புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கை போய்ச் சேர்ந்தபின், வெள்ளிக்கிழமை அந்தத் தீவனக் கம்பெனியின் கணினிப் பொறுப்பாளர் அழைத்தார்.

"ஏனுங்க, பழைய பாஸ்வேர்டு ஒண்ணு எல்லாக் கம்ப்யூட்டர்லயும் இருக்குதுன்னு போட்டிருக்கீங்க. அத எங்கீங்க மாத்தறது?"

அறிக்கையைத் திறந்து ஒவ்வொரு படியாகச் சொன்னேன். அவர் அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "மாத்தியாச்சுங்க. சரி, வெச்சர்றேனுங்க, தீவன லாரி வந்துருச்சு" என்று சொல்லிப் போனை வைத்தார்.