அக்கா வாங்கி வந்த களிம்புகள்

என் கல்யாணத்துக்கு என்னென்ன க்ரீம் வாங்கி வரவேண்டும் என்று குவைத்தில் இருந்த அக்காவுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். நாலு பக்கம். ஒவ்வொன்றும் எதற்கு என்று விளக்கம் வேறு. அந்தக் கடிதம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. எப்படித் திரும்பி வந்தது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் பியூஸ் கட்டைகளுக்குப் பிசிறு எடுக்கும் வேலை. அச்சிலிருந்து வந்த கட்டையின் ஓரத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழவென்று ஆக்கி, சூளைக்குப் போகும் பலகையில் அடுக்கவேண்டும். நாள் முழுக்கக் களிமண் தண்ணீரிலேயே கை கிடக்கும். வீட்டுக்கு வந்து காய்ந்ததும் தோல் வரிவரியாக வெளுத்து இழுக்கும். அதைப் பற்றி அப்போது கவலைப்பட்டதில்லை. என் கவலையெல்லாம் முகத்தைப் பற்றித்தான்.

கம்பெனியில் கூட வேலை செய்த ஒருத்தி மருந்துக்கடையில் விற்கும் ஒரு சின்ன டியூப்பைச் சொன்னாள். சீட்டு எதுவும் வேண்டாம், கேட்டால் தருவார்கள். பூசிய பத்தே நாளில் முகம் வெளுத்துப் பளபளத்தது. என்னைப் பெண் பார்க்க ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்தது அந்தச் சமயத்தில்தான். மாப்பிள்ளையின் அம்மா என் தாடையைத் தொட்டுப் பார்த்து, "பொண்ணு நல்லா செவப்பா இருக்குதே" என்றார். தை மாதத்துக்குப் பேசி முடித்தார்கள்.

இனி எதற்கு என்று டியூப்பை நிறுத்தினேன். ஒரே வாரத்தில் முகம் முழுக்கச் செக்கச்செவேலென்று எரிந்தது. பொரிப்பொரியாகப் பருக்கள். கன்னத்தில் நூல் நூலாக ரத்தக் குழாய்கள் தெரிந்தன. வெயில் பட்டால் மிளகாய் அரைத்துத் தேய்த்ததுபோல் இருக்கும். பயத்தில் திரும்பவும் பூசினால் அடங்கும், விட்டால் இரண்டு மடங்காகக் கிளம்பும்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மா டியூப்பைத் திருப்பிப் பார்த்தார். "இது ஸ்டீராய்டும்மா. மூஞ்சில பூசுறதுக்கு இல்ல. தோலு மெலிஞ்சு போச்சு. சரியாவும், ஆனா மாசக் கணக்கா ஆகும்" என்றார். கொஞ்சம் கொஞ்சமாக எப்படி நிறுத்துவது என்று சொல்லி, இனி என்ன போடலாம், எதைத் தொடவே கூடாது என்று ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். அதிலிருந்தவை அன்றைக்கு எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கவில்லை. அக்காதான் வெளிநாட்டில் இருக்கிறாளே என்று நினைத்தேன். அத்தானுக்கு லாரி விபத்தில் ஒரு கால் போன பிறகு, பெரிய வீடொன்றில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று அவள் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

ஆடி மாதத்தில் கடிதம் எழுதினேன். இதோ, அதிலிருந்தே சில வரிகள்:

"அக்கா, முதல்ல மூஞ்சி கழுவுறது. சோப்பு இல்லாத திரவம், நுரை அதிகம் வராதது. ஏன்னா என் தோலு இப்ப சோப்பைத் தாங்காது. ரெண்டாவது, ஈரப்பதம் காக்குற க்ரீம். வாசனை இல்லாததுன்னு டப்பாவுல போட்டிருக்கணும். வாசனை இருந்தா எரியும். மூணாவது, வெயிலுக்குப் பூசுறது. எஸ்.பி.எப். முப்பதுக்குக் குறையக் கூடாது. கம்பெனிக்கு நடந்து போற வெயிலுக்குத்தான் இது, சூளை வெக்கைக்குக் கேக்காதாம், சூளைகிட்ட நிக்கவே கூடாதாம். இந்த மூணையும் யாராவது ஊருக்கு வந்தா முன்னாடியே குடுத்து அனுப்பு, கல்யாணத்துக்குள்ள தோலு தேறணும்.

"வெள்ளையாக்குற க்ரீமு எதுவும் வேண்டவே வேண்டாம். அந்த ஊரு மார்க்கெட்டுல நெறைய விக்குமாம், சிலதுல பாதரசம் இருக்குமாம். நான் பட்டது போதும்.

"கடைசியா, நீ வரும்போது கைக்கு ஒரு க்ரீம். பத்து சதவீதம் யூரியா இருக்கணும். அதைக் கைக்குத்தான் போடணும், வெடிப்புல பட்டா எரியும். தாலி கட்டுற அன்னிக்கு என் கையைப் புடிச்சுப் பாத்தா அவரு என்ன நினைப்பாரு? உனக்கென்னக்கா, ஏசியிலேயே இருக்குற. உன் கையெல்லாம் பஞ்சு மாதிரி ஆயிருக்கும்."

யூரியா என்ற இடத்தை நான் வாசித்துக் காட்டியபோது அப்பா சிரித்தார். "வயலுக்குப் போடுறத பொண்ணுக்குப் போடுறாங்களா? ஒரு மூட்டையே நம்ம வூட்ல கெடக்குதே" என்றார். நாங்கள் எல்லோருமே சிரித்தோம். மங்கலம்பேட்டையிலிருந்து குவைத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவரிடம் கடிதத்தைக் கொடுத்தனுப்பினோம்.

ஐப்பசியில் இன்னொருவர் லீவில் வந்தபோது பார்சல் வந்தது. நான் கேட்ட மூன்றும் சொல்லிவைத்தாற்போல் இருந்தன. வாசனை இல்லாதது. முப்பது போட்டது. ஆங்கிலம் எழுத்துக் கூட்டி மட்டுமே படிக்கத் தெரிந்த அக்காவுக்கு ஒன்றுகூடத் தப்பவில்லையே என்று ஆச்சரியப்பட்டேன். அதற்குமேல் யோசிக்கவில்லை. தை பிறப்பதற்குள் எரிச்சல் முக்கால்வாசி அடங்கிவிட்டது. நிறம் என் பழைய நிறத்துக்கு வந்தது. ஆனாலும் தோல் இளசாகவே இருந்தது. நலங்கு வைக்கும்போது மஞ்சளைத் தேய்க்கக் கூடாது, சும்மா ஒற்றி எடுக்கணும் என்று வீட்டில் எல்லோருக்கும் சட்டம் போட்டிருந்தேன்.

நலங்குக்கு முதல் நாள் அக்கா வந்தாள். இளைத்திருந்தாள். கைக்கு க்ரீம் எடுத்துக் கொடுத்தாள், அதிலும் பத்து சதவீதம் என்றே போட்டிருந்தது. தைப் பனி, குளிருகிறது என்று முழுக்கை ரவிக்கை போட்டு முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டே திரிந்தாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிட்டாள். கல்யாண வீட்டில் யார் கவனிக்கிறார்கள்? கவனிக்கவேண்டிய நான் கண்ணாடி முன்னால் இருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் நலங்கு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். என்னை மணையில் உட்காரவைத்து ஒவ்வொருத்தராக மஞ்சள் ஒற்றினார்கள். அக்கா வரவே இல்லை. அம்மா, "கூடப் பொறந்தவ வைக்காம எப்படி? வாடி" என்று இழுத்து வந்தார். அக்கா என் எதிரே குனிந்து மஞ்சளைத் தொட்டாள், முகம் சுளித்தாள். பிறகு இரண்டு கையையும் என் கன்னத்தில் வைத்தாள்.

உப்புக் காகிதம் பட்டதுபோல் இருந்தது. நான் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டேன்.

"கையை எடுக்கா, கீறுது!"

அத்தனை பேர் எதிரில், சத்தமாகச் சொன்னேன். ஸ்டுடியோக்காரர் அந்த நேரம் பார்த்துத்தான் பிளாஷ் அடித்தார். அக்கா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டாள். மாப்பிள்ளையின் அம்மா என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆவலம்மா" என்றார்.

எல்லாம் முடிந்து எழுந்து தோட்டத்துக் குழாயடிக்குப் போனேன். அக்கா கை கழுவிக்கொண்டிருந்தாள். கழுவக் கழுவ மஞ்சள் போகவில்லை. அது தோலின் மேல் இல்லை, வெடிப்புக்குள் இருந்தது. விரல் கணுக்கள், உள்ளங்கை ரேகைகள், நகக்கண்கள் எல்லாம் பிளந்து பிளந்து கிடந்தன. சிலதில் ரத்தம் காய்ந்திருந்தது. களிமண்ணில் ஊறிய என் கை அதன் பக்கத்தில் குழந்தையின் கை.

"என்னக்கா இது?"

"பிளீச்சுடி. தரை, பாத்ரூமு, துணி எல்லாத்துக்கும் அதான். வெந்நியில கலக்கித் தொடைக்கணும். புள்ளைங்களப் பாத்துக்கறதுக்கு வேற ஆளு இருக்குது."

உள்ளே ஓடிப்போய் அவள் கொண்டுவந்த க்ரீமைக் கையில் எடுத்தேன். வெடிப்பில் யூரியா பட்டால் எரியும் என்று நானே எழுதியது ஞாபகம் வந்தது. அதை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்திருந்த பெட்ரோலியம் ஜெல்லியை எடுத்து வந்து ஒவ்வொரு விரலாகப் பூசினேன்.

"கடையில இத்தன வாங்குனியே, உனக்கு ஒண்ணு வாங்கிப் பூசிக்கக் கூடாதா?"

"அங்க கையில எதுவும் பூசக் கூடாதுடி. கண்ணாடி டம்ளர்ல கை பதியுதுன்னு மேடம் கத்துவாங்க." பிறகு கொஞ்சம் சிரித்தாள். "நீ எழுதுனதெல்லாம் மேடம் மேசையில இருக்குது. தெனம் தூக்கித் தொடச்சு வைக்கிறேன்ல, டப்பாவெல்லாம் எனக்கு நல்லாத் தெரியும். அந்த அடையாளத்த வச்சுத்தான் கடையில கைகாட்டி வாங்குனேன்."

எனக்கு அழுகை அடக்க முடியாமல் வந்தது. மன்னிச்சுக்கக்கா என்று சொல்வதற்குள் அக்கா அவசரமாக என் முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். பாதியிலேயே நிறுத்தி, முந்தானை நுனியை எடுத்து ஒற்றினாள்.

"அழாதடி. மூஞ்சி செவந்துடும்."

தாலி கட்டும்போது அவள் பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். நான் கூப்பிட்டேன், மேளச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்னவோ, வரவில்லை. அடுத்த வாரம் நான் மறுவீட்டுக்கு வந்திருந்தபோது அவளை ரயிலேற்றிவிடப் போனோம். கிளம்பும் முன் யாருக்கும் தெரியாமல் ஜெல்லி டப்பாவையும் கைக்கு வாங்கிவந்த க்ரீமையும் அவள் பையில் துணிக்கடியில் வைத்தேன். ஆறாத வெடிப்புக்கு ஜெல்லி, ஆறிய பிறகு க்ரீம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். மாமியார் வீட்டுக்குத் திரும்பிப் போய் என் பெட்டியைத் திறந்தபோது பட்டுப்புடவைக்கடியில் அந்த க்ரீம் இருந்தது. அதைச் சுற்றி என் கடிதம். மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் பழைய காலண்டர் தாள் ஒட்டப்பட்டிருந்தது. 'பஞ்சு மாதிரி' என்ற வரியை நான் அன்றைக்குப் பலமுறை படித்தேன். ஜெல்லி டப்பாவை மட்டுமாவது எடுத்துப்போனாளே என்று ஆறுதல்பட்டேன். ஒரு வாரம் கழித்து அம்மா அதை அரிசிப் பானைக்குப் பின்னால் கண்டெடுத்தார்.

பிறகு ஆல்பம் வந்தது. அக்கா இருந்த படங்கள் ஏழெட்டு. எதிலும் அவள் கை இல்லை, எல்லாவற்றிலும் முந்தானைக்குள் இருந்தது. ஒன்றே ஒன்றில் மட்டும் கை தெரிந்தது. நலங்குப் படம். அவளுடைய மஞ்சள் கைகள் காற்றில் நிற்கின்றன, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். அதைக் கிழித்துப் போடவேண்டும் என்று ஆல்பத்திலிருந்து உருவி வைத்திருந்தேன்.

பங்குனியில் அக்கா, ஸ்ரீமுஷ்ணத்தில் எங்கள் பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டாள். லைனில் இரைச்சல். மன்னிப்பு கேட்க இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே பேசிவிட்டாள். "அந்த நலங்கு போட்டோ நல்லா வந்துதா? அத எனக்கு அனுப்புடி. அதுலதான் நாம ரெண்டு பேரு மட்டும் இருக்கோம்."

என் மௌனத்தை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்போல.

"என்னடி, மூஞ்சி இன்னும் எரியுதா?" என்று கேட்டாள்.