வாய் திறப்பதற்கு முன் வந்த சிரிப்பு

சித்தேரி மலையைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்கு ஆங்கில சப்டைட்டில் போட்டது நான். அதில் சாமை விளைவிக்கும் அம்மா ஒருவர், "ரோடு போடறோம்னு வந்தாங்க. போட்டுட்டோம்னும் சொன்னாங்க" என்பார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு, குனிந்து கதிர்களை அள்ளிக் கட்டி முடிச்சை இறுக்குவார். அதற்கப்புறம்தான் நிமிர்ந்து, "பேப்பருலங்க" என்பார்.

நான் அதை இரண்டாகப் பிரித்திருந்தேன். அவர் நிறுத்தியதும் முதல் வரி மறைந்துவிடும். கட்டு கட்டி முடிக்கும்வரை எழுத்தே கிடையாது. அவர் வாய் திறக்கும்போதுதான் அடுத்தது வரும்.

இயக்குநர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டையும் ஒரே வரியாக ஒட்டிவிட்டார். எழுத்தில்லாமல் விட்டால் ஏதோ விட்டுப்போய்விட்டது என்று ஜனங்கள் நினைப்பார்களாம். காது கேட்பதற்குள் கண் படித்து முடித்துவிடும் என்பதுகூடத் தெரியாமல் என்னத்தைப் படம் எடுக்கிறார்கள்?

தருமபுரியில் ஒரு மண்டபத்தில் திரையிட்டார்கள். முன்வரிசையில் பெங்களூரிலிருந்து வந்த, தமிழ் தெரியாத விருந்தினர்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே அந்த அம்மா. திரையில் அவர் குனிந்ததுமே விருந்தினர்கள் மொத்தப் பேரும் சிரித்தார்கள். இங்கே நாற்காலியில் அந்த அம்மா சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார். "பேப்பருலங்க" என்று திரையில் சொன்னபோது, அந்த வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

படம் முடிந்ததும் அந்த அம்மா இயக்குநரிடம் வந்தார்.

"எதுக்குங்க சிரிச்சாங்க?"

"உங்க பேச்சுக்குத்தாங்கம்மா."

"நான் அப்ப பேசவே இல்லீங்களே. குனிஞ்சி கட்டுதானே கட்டிக்கிட்டிருந்தேன்."